சுடலைமணிக்குக் கிடைக்காத சேனல்

"ஏரோப்ளேன் மோடு போட்டுட்டு எடு" என்றான் சுடலைமணி. "அப்பத்தான் கேரளா டவரை விடும்."

சித்ரா போட்டாள், எடுத்தாள். கைப்பேசியைக் கணவனிடம் நீட்டினாள். போடிமெட்டுச் சோதனைச் சாவடியைத் தாண்டி, தமிழ்நாட்டுப் பக்கம் இறங்கும் பாதையின் ஒரு வளைவில், சக்கரத்துக்குக் கல் வைத்து ஜீப் நின்றிருந்தது. பின்னால் வந்த லாரிக்காரன் ஒலியெழுப்பி, தாயைச் சேர்த்துத் திட்டிவிட்டு இறங்கிப் போனான்.

"இப்ப தமிழ்நாடு" என்றான் சுடலைமணி.

"எப்படித் தெரியும்? அங்கயும் நாலு கோடு, இங்கயும் நாலு கோடு."

"நான் சொல்றேன்ல."

அவன் சொன்னால் அது தமிழ்நாடுதான். சித்ரா வெளியே பார்த்தாள். அன்று அவள் ஏலக்காட்டு வேலைக்குப் போகவில்லை. ஒரு நாள் கூலி போயிற்று. கைப்பேசியைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டுமென்று கூட்டிவந்திருந்தான்.

அவன் இன்ஸ்டாவைத் திறந்தான். செய்திப் பெட்டிக்குள் போய் மேலே இருந்த பென்சில் குறியைத் தொட்டான். ஒளிபரப்புச் சேனல் தொடங்கு என்ற வரியைத் தேடினான். இல்லை. உதவிப் பக்கத்தின் வழியே போய்ப் பார்த்தான். இந்த வசதி உங்கள் கணக்குக்கு இப்போது இல்லை என்று வந்தது. சாந்தன்பாறையிலும் இதுவேதான் வந்தது. பூப்பாறையிலும் இதுவேதான்.

"இன்னும் ரெண்டு வளைவு இறங்கணும்" என்றான்.

இறங்கினார்கள். இரண்டாவது வளைவிலும் அதுவே வந்தது. முந்தல் வரை இறங்கினார்கள். அங்கே வெயிலும் புளியமரங்களும் இருந்தன, சேனல் இல்லை.

சுடலைமணி சாந்தன்பாறையில் ஜீப் ஓட்டுகிறவன். விருந்தினர்களைக் காற்றுப்பாறைக்கு ஏற்றிப்போய், மேகத்தைக் காட்டி, இறக்கி விடுவது தொழில். பள்ளிவாசல் எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் இருந்தார். தொழிற்சாலை இரைச்சலில் பேசிப் பழகியதாலோ என்னவோ அந்த வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், யாரும் கேட்கவில்லை. சுடலைமணி பேச்சைத் தொடங்கினால் யாராவது நடுவில் வெட்டிவிடுவார்கள். பள்ளியில் வாத்தியார் வெட்டினார். ஜீப் ஸ்டாண்டில் பெரியமுத்து வெட்டினார். இதை அவன் வாழ்நாள் அநியாயமாக நினைத்தான். அவன் பேச்சில் வெட்ட வேண்டியதைத் தவிர வேறெதுவும் இல்லை என்பது அவனுக்குத் தோன்றவில்லை.

பிறகு கைப்பேசி வந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டு, வண்டிக்குள் உட்கார்ந்து, தன் முகத்தைப் பார்த்துத் தானே பேசலாம். "வணக்கம் மக்களே, நான் உங்க மலைநாட்டு மணி" என்று தொடங்குவான். பின்தொடர்பவர்கள் கூடினார்கள். கூடாத மாதத்தில், கூட்டித் தருகிறோம் என்ற ஒரு செயலிக்குக் கடவுச்சொல்லைக் கொடுத்தான். ஒரே வாரத்தில் பல தேசத்து ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். ஒருவருக்கும் முகம் இல்லை. "உலகம் பூரா பாக்குது" என்று சித்ராவிடம் சொன்னான்.

"அவங்களுக்குத் தமிழ் தெரியுமா?"

"உனக்குப் பொறாமை" என்றான்.

ஆனால் பின்தொடர்பவர்களும் பதில் எழுதினார்கள். அதுதான் குறை. வண்டியில் சீட்டுக் கிழிந்திருக்கிறது என்றார்கள். மேகமே இல்லை, ஏமாற்றிவிட்டான் என்றார்கள். இந்தச் சமயத்தில்தான் ஒளிபரப்புச் சேனல் என்ற ஒன்றைப் பற்றிக் கேள்விப்பட்டான்.

சொன்னவள் டின்சி. ஸ்டாண்டுக்கு மேலே உள்ள விடுதியின் முன்மேசையில் இருப்பவள். விடுதியின் இன்ஸ்டாக் கணக்கையும் அவளே பார்க்கிறாள். சேனலில் தொடங்கியவர் மட்டும் பேசலாம். சேர்ந்தவர்கள் படிக்கலாம், இதயக்குறி போடலாம், வாக்கெடுப்பு வைத்தால் வாக்குப் போடலாம். தொடங்கியவர் அனுமதித்தால் ஒழிய எழுத முடியாது.

"எழுத முடியாதா?" என்று சுடலைமணி இரண்டு முறை கேட்டான்.

"முடியாது சேட்டா."

சிலருக்குக் கடவுள் வந்து நிற்கும்போது முகம் மாறுமாம். அவனுக்கு அப்படி மாறியது.

விடுதிக்கு ஒரு தேவை இருந்தது. சீசன் முழுக்க, காலையில் மேகம் இருக்கிறதா, பாதை எப்படி, ரத்தம் உறிஞ்சும் அட்டை எவ்வளவு என்று விருந்தினர்களுக்குச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். மலைமேல் போய் வருகிற டிரைவர் சேனல் வைத்துச் சொன்னால் நல்லது. அப்படிச் சொல்கிற டிரைவரின் வண்டிக்கே எங்கள் விருந்தினர்களைக் கொடுத்துவிடுவோம், சனிக்கிழமைக்குள் சேனல் திறந்திருக்க வேண்டும் என்று மேலாளர் சொல்லச் சொன்னார். டின்சி சொன்னாள். அவ்வளவுதான். கையெழுத்து இல்லை, ஒப்பந்தம் இல்லை.

சுடலைமணி நேரே ஸ்டாண்டுக்கு இறங்கி வந்தான். ஸ்டாண்டில் ஒரு கரும்பலகை உண்டு. அதில் வண்டிக்காரர்களின் பெயர் வரிசையாக எழுதியிருக்கும். முதல் பெயருக்கு முதல் சவாரி. போய்வந்தவன் பெயர் கடைசிக்குப் போகும். இதை டேர்ன் என்பார்கள். டேர்னை மீறி ஒருவனும் சவாரி எடுக்கக் கூடாது. தானாகப் பெயரை அழித்தவன் திரும்பி வந்தால் புது ஆளாக வரலாம். புது ஆளுக்கு அந்த சீசனில் விருந்தினர் சவாரி கிடையாது. காலையில் போடிமெட்டில் நிற்கும் ஏலக்காட்டுப் பெண்களை ஏற்றிவந்து தோட்டத்தில் விடுவது, மாலையில் திருப்பிக் கொண்டுபோய் விடுவது, இது மட்டும்தான் அவன் ஓட்டம்.

சுடலைமணி பலகைக்கு முன் நின்றான். எல்லோரும் பார்க்கும்படி, உள்ளங்கையில் எச்சில் தொட்டு, தன் பெயரை அழித்தான்.

"என்னலே செய்ற?" என்றார் பெரியமுத்து. அவர் ஸ்டாண்டுச் செயலாளர்.

"இனி உங்க டேர்னுக்கெல்லாம் நிக்க மாட்டேன். நான் பேசுவேன், ஜனம் வரும். நீங்க கேட்டுக்கிட்டு இருங்க."

"எங்கிட்டுலே பேசப்போற?"

"சேனல்ல."

"டிவியிலயா?"

சிரித்தார்கள். சுடலைமணி சிரிப்பைப் பொறுத்துக்கொண்டான். இன்னும் சில நாள்தான், அப்புறம் இவர்களால் இதயக்குறி மட்டுமே போட முடியும் என்று நினைத்தான். சேனலைத் திறக்க முடியுமா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுப் பெயரை அழித்திருக்கலாம். அப்படி யோசிக்கிறவன் சுடலைமணியாக இருந்திருக்க மாட்டான்.

வசதி இல்லை என்று வந்ததும் பூப்பாறையில் கைப்பேசி பழுது பார்க்கும் டிஜோவிடம் போனான். டிஜோவுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. தெரியாததையும் அதே குரலில் சொல்வான்.

"இவிடே நோக்கு" என்று உதவிப் பக்கத்தைக் காட்டினான். கணக்கின் நிலை, கணக்கின் வகை, வயது என்று பலவும் எழுதியிருந்தது. சில பகுதிகளில் இந்த வசதி இல்லாமல் இருக்கலாம் என்றும் எழுதியிருந்தது. டிஜோவின் விரல் கடைசியில் நின்றது. "லொகேஷன் ப்ரஷ்னம்."

சுடலைமணிக்கு உடனே விளங்கிவிட்டது. இந்த எல்லையில் வளர்ந்தவனுக்கு எல்லாமே அப்படித்தான் விளங்கும். ரேஷன் கார்டு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று கேட்பார்கள். சாதிச் சான்றிதழுக்கு அந்தப் பக்கம் போகச் சொல்வார்கள். வண்டிக்குத் தனி பெர்மிட். சோதனைச் சாவடியைத் தாண்டினால் பெட்ரோல் விலை வேறு. அமெரிக்காவில் உட்கார்ந்திருக்கிற கம்பெனியும் போடிமெட்டில் ஒரு கம்பு கட்டித்தான் வைத்திருக்கும்.

"தமிழன்னு தெரிஞ்சிருக்கு" என்றான். "கேரளா டவர்ல இருந்து தமிழ்ல பேசுறான், கொடுக்காதேன்னு வச்சிருக்கான்."

டிஜோ, கைப்பேசி இருக்கும் இடத்தை வேறாகக் காட்டும் ஒரு வி.பி.என். செயலியை ஏற்றிவிட்டு அதற்குக் காசு வாங்கிக்கொண்டான். அது சுடலைமணியை ஒரு மணி நேரம் சிங்கப்பூரில் வைத்திருந்தது. பிறகு நெதர்லாந்தில். சேனல் வரவில்லை. மாறாக, சந்தேகத்துக்குரிய இடத்திலிருந்து நுழைவு, இது நீங்கள்தானா என்று இன்ஸ்டா கேட்டது. நான்தான் என்று அழுத்தினான். அதன் பிறகுதான் சித்ராவை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு தாண்டியது.

முந்தலிலிருந்து திரும்பும்போது சித்ரா கேட்டாள்: "அந்த டின்சிப் பிள்ளைகிட்டயே கேட்டா என்ன?"

"மலையாளத்தா. அவ எப்படிச் சொல்லுவா?"

"அவதானே மொதல்ல சொன்னா."

அவன் கியரை மாற்றி அடுத்த வளைவை ஏறினான். மறுநாள் காலை விடுதிக்குப் போனான். அந்த யோசனை தன்னுடையது என்ற முகத்தோடு போனான்.

டின்சி கைப்பேசியை வாங்கினாள். "ரீஜியன்னா ஸ்டேட் அல்ல சேட்டா. நாடு. இந்தியாவில இது உண்டு. எங்க விடுதிக்கு இந்த மேசையில இருந்துதானே சேனல் வச்சிருக்கேன்? இதே டவர்தானே?"

அந்தக் கேள்வி அவனுக்கு எங்கேயும் தோன்றவில்லை. இறங்கி ஏறிய வளைவுகளில் ஒன்றில்கூடத் தோன்றவில்லை.

"அப்ப ஃபாலோயர் பத்தலையா?"

"எத்தனை வேணும்னு அவங்க அப்பப்ப மாத்துவாங்க. சேட்டனுக்கு அது போதும். அக்கவுண்டும் ப்ரொஃபெஷனலாத்தான் இருக்கு. வயசும் ஆச்சு. அப்ப மிச்சம் ஒண்ணுதான்." செட்டிங்ஸுக்குள் போய்க் கணக்கின் நிலை என்ற பக்கத்தைத் திறந்தாள். "இத ஒருக்கலாவது பாத்திருக்கியா?"

"அது எதுக்கு?"

பக்கத்தில் பச்சைக் குறி இருக்க வேண்டிய இடங்களில் சிவப்பு இருந்தது. நீக்கப்பட்ட பதிவுகள் என்பதைத் தொட்டாள். முதலில் ஒரு காணொளி. மலை இடுக்கில் மேகம் வெள்ளமாக ஓடுகிறது. 'இன்று காலை நம்ம சாந்தன்பாறை' என்று எழுதியிருந்தான். அது இமயமலையில் யாரோ எடுத்தது. எடுத்தவர் புகார் கொடுத்து நீக்கியிருக்கிறார்கள்.

"மேகம் மேகம்தானே" என்றான் சுடலைமணி.

"பின்னாடி ஐஸ் மலை தெரியுது சேட்டா."

அடுத்ததும் அதே வகை. மூன்றாவது, அவன் எழுதிய ஒரு பதில். மதுரையிலிருந்து குழந்தைகளோடு வந்த ஒரு பெண், பாறையில் கால்மணி நேரம்கூட நிற்கவிடாமல் விரட்டினார் என்று மரியாதையாகத்தான் எழுதியிருந்தாள். அதற்கு சுடலைமணி எழுதியதை டின்சி பாதி படித்துவிட்டு நிறுத்தினாள். தமிழ் அவளுக்கு அவ்வளவு தெரியாது. தெரிந்த அளவே போதுமானதாக இருந்தது.

கீழே, இப்போது உங்களால் பயன்படுத்த முடியாதவை என்ற பட்டியல் இருந்தது. சேனல் அதில் இருந்தது.

"பெரியமுத்து ஆளுகதான்" என்றான் அவன். "கூட்டமா உக்காந்து ரிப்போர்ட் அடிச்சிருக்கானுக."

"எத்தனை பேர் அடிச்சாலும் கணக்கில்ல. விதியை மீறியிருந்தாத்தான் எடுப்பாங்க. ஒருத்தர் அடிச்சாலும் எடுப்பாங்க."

ரிப்போர்ட் அடிப்பது பற்றி சுடலைமணிக்கு அனுபவம் இருந்தது. போன மழைக்காலத்தில் பெரியமுத்துவின் பேரன் போட்ட யானைக் காணொளிக்கு, அது நன்றாக ஓடுகிறதென்று, தானும் அடித்து, தானே தொடங்கிய முகமில்லாத இரண்டு கணக்குகளிலிருந்தும் அடித்தான். யானை இன்னும் அங்கேதான் நிற்கிறது. அதில் ஒரு விதியையும் மீறவில்லை.

டின்சி செய்ய வேண்டியதைச் சொன்னாள். அந்தப் பின்தொடர்பவர் செயலியின் தொடர்பைத் துண்டிக்க வேண்டும். கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். வி.பி.என்னைத் தூக்கிப்போட வேண்டும். திருடிய காணொளிகள் இன்னும் இருந்தால் தானே அழிக்க வேண்டும். மதுரைப் பெண்ணுக்கு எழுதியதற்கு மறுபரிசீலனை கேட்கலாம், கிடைப்பது சந்தேகம். மற்ற மீறல்கள் காலாவதியாகும்வரை சும்மா இருக்க வேண்டும். நிலை சரியானால் வசதி தானாகத் திரும்பும், யாரையும் போய்ப் பார்க்க வேண்டாம்.

"சும்மான்னா?"

"புதுசா ஒண்ணும் பண்ணாம. ஆரையும் தெறி விளிக்காம, திட்டாம." அவளே மறுபரிசீலனைக்கு அழுத்தினாள். செயலியைத் துண்டித்தாள். "மேனேஜர்கிட்ட நான் சொல்றேன். நிலைமை சரியாகுற வரைக்கும் எங்க சேனல்ல உன்னைச் சேர்த்துப் பேச வைக்கலாம். கூட்டாளியா ஆரையும் சேர்க்கலாம். காலையில ரெண்டு வரி சொன்னாப் போதும். நாளைக்கு சனிக்கிழமை, அது வரைக்கும் வாய் பொத்தி இரு சேட்டா. அவ்வளவுதான்."

இதைவிட எளிதாக ஒரு மனிதனுக்குச் சீசன் கிடைக்காது. சும்மா இருந்தால் போதும்.

சுடலைமணி இறங்கி வந்தான். ஸ்டாண்டைத் தாண்டித்தான் வண்டிக்குப் போக வேண்டும்.

"வாங்க சேனலு" என்றார் பெரியமுத்து. "போடிமெட்டுல டவர் புடிக்கப் போனீராம்? மாட்டுச்சா?"

"லாரிக்காரன் சொன்னான் அண்ணாச்சி" என்றான் ஒருவன். "வளைவுக்கு வளைவு போனைத் தூக்கி சாமிக்குக் காட்டுனாராம்."

"சாமி என்ன சொல்லுச்சு?"

"உங்கள் பகுதியில் கிடைக்காதுன்னு சொல்லுச்சாம்."

இது பெரிய கேலி அல்ல. அந்த ஸ்டாண்டில் ஆளுக்கு ஆள் தினமும் இதைவிட மோசமாக வாங்குகிறார்கள், வாங்கிவிட்டு டீ குடிக்கிறார்கள். சுடலைமணி டீ குடிக்கவில்லை. வண்டிக்குள் ஏறினான். கண்ணாடியை ஏற்றினான். சித்ரா பின்சீட்டில் இருந்தாள், மளிகைப் பையோடு. டின்சி சொன்னதை அவளிடம் ஒப்பித்துவிட்டு, கைப்பேசியை முகத்துக்கு நேரே தூக்கினான்.

"ஏங்க, அந்தப் பிள்ளை வாயைப் பொத்திக்கிட்டு இருக்கச் சொன்னான்னு இப்பத்தானே சொன்னீங்க?"

"இது என் கணக்கு" என்றான்.

நேரலை தொடங்கியது. வணக்கம் மக்களே என்றான். தமிழன் என்பதால் தனக்குச் சேனல் மறுக்கப்படுவதாகச் சொன்னான். அது பொய் என்று அவனுக்குத் தெரிந்து அரைமணி நேரம் ஆகியிருந்தது. பார்ப்பவர் எண்ணிக்கை ஏறியது. ஏற ஏறக் குரல் ஏறியது. கம்பெனியைத் திட்டினான். பிறகு மலையாளிகளை, மொத்தமாக, இனத்தின் பெயர் சொல்லித் திட்டினான். பிறகு ஸ்டாண்டு. பெரியமுத்துவின் பெயரைச் சொல்லி, கையைக் காலை எடுப்பேன் என்றான். கண்ணாடிக்கு வெளியே பெரியமுத்து தன் கைப்பேசியில் அதைப் பார்த்துக்கொண்டு, டீக்கடைக்காரனிடம் அதை நீட்டி, சத்தத்தைக் கூட்டித் தரச் சொல்லிக்கொண்டிருந்தார்.

திரையில் இதயங்கள் பறந்தன. அவை யாருடையவை என்று தெரியவில்லை. பல தேசத்து இதயங்களாக இருக்கலாம்.

"எறங்கிக்கிறேன்" என்றாள் சித்ரா. பையை எடுத்துக்கொண்டு நடந்து போனாள்.

சாயங்காலத்துக்குள் நேரலைப் பதிவு நீக்கப்பட்டது. வெறுப்புப் பேச்சு, மிரட்டல் என்று இரண்டு காரணம் எழுதியிருந்தது. நேரலை வசதியும் நிறுத்தப்பட்டது. மதுரைப் பெண்ணுக்கு எழுதிய பதிலுக்கான மறுபரிசீலனையும் வந்தது: முதலில் எடுத்த முடிவு சரியே. டின்சியின் மேலாளர் நேரலையை நீக்குவதற்கு முன்பே பார்த்துவிட்டார். அவர் கோட்டயத்துக்காரர்.

மறுநாள் சனிக்கிழமை. விடுதி தன் சேனலில், காற்றுப்பாறைக்குப் போகிறவர்கள் ஸ்டாண்டில் வரிசைப்படி ஜீப் எடுத்துக்கொள்ளலாம் என்று போட்டது. காலையில் மேகம் இருந்தது. சுடலைமணி ஸ்டாண்டுக்குப் போனான். பெரியமுத்து சாக்கட்டியை எடுத்து, பலகையின் கீழ் மூலையில், புது ஆள் என்ற தலைப்பில் அவன் பெயரை எழுதினார். சுடலைமணி போடிமெட்டுக்குப் போய் ஏலக்காட்டுப் பெண்களை ஏற்றினான். சித்ரா அவன் வண்டியில் வரவில்லை, வேறு வண்டியில் ஏலக்காட்டுக்குப் போனாள். வண்டிக்குள் பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அவன் ஒருமுறை ஏதோ சொல்லத் தொடங்கினான். "ரோட்டைப் பார்த்து ஓட்டும்" என்றாள் ஒருத்தி. தோட்டத்து வாசலில் இறக்கிவிட்டு, மாலைவரை வண்டியில் தூங்கினான். மாலையில் திருப்பிக் கொண்டுபோய் விட்டான். அன்று மழை பெய்யவில்லை, மற்ற ஜீப்புகளுக்கெல்லாம் நாள் முழுக்கக் காற்றுப்பாறைச் சவாரி இருந்தது.